கல்லா சரியா இருந்தா கடை சரியா இருக்குன்னு அர்த்தமா?

"தினமும் சாயந்திரம் பில் புக்கையும் கல்லாவையும் வெச்சுப் பாக்குறோம், ஒரு ரூபா குறையறதில்லைங்க, அப்புறம் எதுக்கு இன்னொரு நோட்டு?"

ஈரோடு பக்கம் ஒரு கிராமத்துல நெசவாளர் குடும்பங்க சேர்ந்து சங்கம் வெச்சு ஒரு மளிகைக்கடை நடத்துறாங்க. ஸ்டாக் ரிஜிஸ்டர் பத்தி அவங்க உறுப்பினர் கூட்டத்துல பேசணும்னு கூப்பிட்டிருந்தாங்க. நான் பல வருஷமா சின்ன சின்ன சங்கங்களோட கணக்கு பாக்குறவன். பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு பெரியவர் எழுந்து இதைக் கேட்டுட்டாரு. நல்ல கேள்வி, ஏன்னா இதுக்கு பதில் சொல்லிட்டா மீதி எல்லாம் தானா வந்துரும். அன்னிக்கு அங்க பேசுனதை, கொஞ்சம் விரிவா, இங்க எழுதி வைக்கிறேன், இதே மாதிரி கடை வெச்சிருக்கற மத்த சங்கத்துக்காரங்களுக்கும் பயன்படட்டும்.

கல்லா என்ன சொல்லும்? பில் போட்ட சாமானுக்கு காசு வந்துச்சா இல்லையான்னு சொல்லும், அவ்வளவுதான். பில் போடாம வெளிய போன சாமானைப் பத்தி கல்லாவுக்கு எதுவுமே தெரியாது. ஒரு கிலோ துவரம்பருப்பு பில் இல்லாம போயிருச்சுன்னு வைங்க, யாரோ எடுத்துட்டுப் போனாங்களோ, "அப்புறம் எழுதிக்கலாம்"னு கொடுத்து மறந்தாங்களோ, எலி மூட்டையை ஓட்டை போட்டுச்சோ, எதுவா இருந்தாலும் பில்லும் இல்ல காசும் இல்ல, அதனால பில்லும் கல்லாவும் அன்னிக்கும் அழகா டேலி ஆகும். 10 மூட்டை போனாலும் ஆகும். கல்லா டேலி ஆகுதுன்னு நிம்மதியா இருக்கற கடையிலதான் வருஷக் கடைசியில "லாபம் ஏன் இவ்வளவு கம்மி"ங்கற கேள்வி வருது, அப்போ அதுக்கு பதில் சொல்ல யார்கிட்டயும் ஒரு காகிதமும் இருக்காது.

சொந்தமா மளிகைக்கடை வெச்சிருக்கறவருக்கு இந்த நோட்டு இல்லாமலே ஓரளவு ஓடும். அவரே கல்லாவுல உக்காந்திருப்பாரு, அவரே மண்டியில போய் வாங்குவாரு, அவரே சாவியை இடுப்புல சொருகியிருப்பாரு, உளுந்து மூட்டை எந்த அளவுக்கு இறங்கியிருக்குன்னு அவர் கண்ணுக்கே தெரியும். சங்கத்துக் கடையில அப்படி இல்லைங்க. வாங்கறது செயலாளர், விக்கறது விற்பனையாளர், சாவி ஒருத்தர்கிட்ட, முதல் போட்டது நீங்க எல்லாரும். கடைக்கு சொந்தக்காரங்க நூறு பேருக்கு மேல இருக்கீங்க, ஆனா சொந்தக்காரர்னு ஒருத்தர் கூட அங்க தினமும் உக்காந்து பாக்கறதில்ல. அந்தக் கண்ணு செய்யற வேலையை ஏதாவது ஒண்ணு செய்யணும்ல, அதுதான் ஸ்டாக் ரிஜிஸ்டர், இருப்புப் பதிவேடு.

அதுல ஒண்ணும் பெரிய படிப்பு கிடையாது. ஒரு சாமானுக்கு ஒரு பக்கம். தேதி, விவரம், வரவு, செலவு, இருப்பு, கையெழுத்துன்னு ஆறு கட்டம். வரவுன்னா கடைக்கு உள்ள வந்தது, செலவுன்னா வெளிய போனது, இருப்புன்னா மிச்சம் இருக்க வேண்டியது. நேத்து இருப்போட இன்னிக்கு வந்ததைக் கூட்டி இன்னிக்கு போனதைக் கழிச்சா இன்னிக்கு இருப்பு. இது வரைக்கும் வெறும் பேப்பர் கணக்கு. இதுக்கு உயிர் எப்போ வருதுன்னா, ஒருத்தர் குடோனுக்குள்ள போய் அந்த சாமானை நிஜமா எடை போட்டு, பேப்பர்ல இருக்கறதும் தரையில இருக்கறதும் ஒண்ணான்னு பாக்கறப்போ. எழுதறது பாதி, எண்ணிப் பாக்கறது மீதிப் பாதி. எழுதிட்டு எண்ணாம விட்டா அந்த நோட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல, நான் பாத்த பல சங்கத்துல ரிஜிஸ்டர் அழகா கட்டம் போட்டு எழுதியிருக்கும், ஆனா ஒரு தடவை கூட எடை போட்டு சரிபார்த்த கையெழுத்து இருக்காது, அதைப் பாக்கறப்போ எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமா இருக்கும்.

சும்மா சொன்னா புரியாதுன்னு அன்னிக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுனேன். துவரம்பருப்பு, ஒரு வாரம்.

திங்கக்கிழமை காலையில இருப்பு 38 கிலோ. புதன்கிழமை 50 கிலோ மூட்டை ரெண்டு வந்துச்சு. ஆக 138 கிலோ. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வரைக்கும் பில்லைக் கூட்டிப் பாத்தா வித்தது 91.5 கிலோ. அப்போ இருக்க வேண்டியது 46.5 கிலோ. ரெண்டு உறுப்பினர்கள் போய் தராசுல வெச்சா இருக்கறது 43 கிலோ. மூணரை கிலோ குறையுது.

இந்த இடத்துல வழக்கமா என்ன நடக்கும்? எல்லாரும் திரும்பி விற்பனையாளரைப் பாப்பாங்க. தயவு செஞ்சு அப்படிப் பாக்காதீங்க. முதல்ல திரும்ப ஒரு தடவை எடை போடுங்க, மேசைக்கு கீழ பாக்கெட் போட்டு வெச்சது ஏதாவது விட்டுப்போச்சான்னு பாருங்க, ஏன்னா பாதி தடவை குறைவே அங்கதான் கிடைக்கும். அதுக்கப்புறமும் குறைஞ்சா, அந்த ஒரு வாரத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பொறுமையா கேளுங்க. ஒரு வாரம்ங்கறது ஞாபகம் இருக்கற தூரம்தானே.

என் உதாரணத்துல கேட்டா இப்படி வருது. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூட்டத்துக்கு மதியச் சாப்பாடு போட்டாங்க, சாம்பாருக்கு 2 கிலோ கடையில இருந்து எடுத்தாங்க, "சங்கத்துக்குதானே"ன்னு யாரும் பில் போடல. அதுல ஒரு திருட்டும் இல்ல, ஆனா அது கடையோட நஷ்டமா போய் நிக்குது, அதை சங்கத்தோட கூட்டச் செலவுல எழுதியிருக்கணும். அடுத்து, மூட்டை. 50 கிலோன்னு இன்வாய்ஸ்ல இருந்துச்சு, இறக்கி அடுக்கிட்டாங்க, யாரும் எடை போடல. அதே மண்டியில இருந்து அடுத்து வந்த ஒரு மூட்டையைப் பிரிக்காம தூக்கித் தராசுல வெச்சா சாக்கைக் கழிச்சு 49.5 தான் வருது. புதன்கிழமை வந்த ரெண்டு மூட்டையும் அதே மாதிரின்னா அங்க ஒரு கிலோ போச்சு, கடைக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே போச்சு. மிச்சம் அரை கிலோ, அது கால் கிலோ அரைக் கிலோன்னு சில்லறையா நிறுக்கறப்போ ஒவ்வொரு தடவையும் தராசு முள்ளு, இல்லாட்டி இப்போ நம்பர், கொஞ்சம் தாண்டிப் போறதுல போனது. 91 கிலோவை சில்லறையா நிறுத்துக் கொடுத்தா அரை கிலோ போறது நியாயமானதுதான்.

2, 1, அரை. மூணரை கிலோவுக்கும் கணக்கு வந்துருச்சு, ஒருத்தரும் திருடல. ஆனா மூணுக்கும் வேற வேற மருந்து. சாப்பாட்டுக்கு எடுத்தா பில் போட்டு சங்கத்து செலவுல எழுதணும். மூட்டை இறக்கறப்போ எடை போட்டு, குறைஞ்சா அங்கயே இன்வாய்ஸ் மேல எழுதி வண்டிக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கி மண்டிக்காரருக்கு போன் போடணும், ரெண்டு நாள் கழிச்சு சொன்னா அவரு ஏத்துக்க மாட்டாரு. சில்லறைக் கழிவுக்கு நிர்வாகக் குழுவே இத்தனை சதவீதம் வரைக்கும்னு தீர்மானம் போட்டு வெச்சுக்கணும், அதைத் தாண்டினா கேள்வி கேக்கணும்.

காசுல பாருங்க. கிலோ 142க்கு வாங்கி 150க்கு விக்கிறீங்கன்னு வெச்சுக்கலாம், கிலோவுக்கு 8 ரூபா. 91.5 கிலோ வித்ததுல வந்த லாபம் 732 ரூபா. காணாம போன மூணரை கிலோவோட அசல் விலை 497 ரூபா. ஒரு வாரம் முழுக்க நின்னு நிறுத்துப் போட்டு சம்பாதிச்ச 732-ல 497 சத்தமில்லாம போயிருச்சு, கையில நின்னது 235. மளிகையில லாபம் இவ்வளவு மெல்லிசா இருக்கறதாலதான் சின்னக் குறைவு கூட கடையைச் சாய்ச்சுரும். இதே மாதிரி 52 வாரம் போனா துவரம்பருப்புல மட்டும் 25 ஆயிரத்துக்கு மேல.

இதையே வருஷக் கடைசியில கண்டுபிடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. மொத்தமா ஒரு குறைவு தெரியும், எந்தச் சாமான்ல, எந்த மாசம், எப்படின்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. அந்த சாம்பார் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மண்டிக்காரர்கிட்ட கேக்க முடியாது. அப்போ கடையில நின்ன ஆள் ஒருத்தர்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிவாங்க.

அந்தக் கடையில விக்கறது ஒரு அக்கா. நான் பேசறப்போ பின்னாடி வரிசையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க, முகம் கொஞ்சம் வாடிப்போச்சு, கடைசியில கேட்டே கேட்டாங்க, "அப்போ என்னை நம்பலைன்னுதானுங்களே அர்த்தம்?" கூட்டம் அப்படியே அமைதியாயிருச்சு. நான் சொன்னேன், "அக்கா, இந்த நோட்டு உங்க பக்கம் பேசற சாட்சிங்க. நாளைக்கு குறைவுன்னு ஒண்ணு வந்தா, நீங்க 'நான் எடுக்கல'ன்னு சொல்றதைத் தவிர உங்ககிட்ட இன்னிக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. நோட்டு இருந்தா, மூட்டை குறைவா வந்துச்சு பாருங்கன்னு தேதியோட காட்டுவீங்க, கமிட்டிக்காரங்க 2 கிலோ எடுத்தாங்க பாருங்கன்னு காட்டுவீங்க, போன ஞாயிறு வரைக்கும் சரியா இருந்துச்சு, இதோ ரெண்டு உறுப்பினர் கையெழுத்துன்னு காட்டுவீங்க."

இது ஆறுதலுக்காக சொன்னது இல்லைங்க. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-ல 81ம் பிரிவுல விசாரணை இருக்கு, 87ம் பிரிவுல தண்டத் தீர்வை இருக்கு. சங்கத்துக்கு வந்த இழப்பு ஒருத்தர் கையாடல் பண்ணுனதால, நம்பிக்கை மோசடி பண்ணுனதால, இல்ல வேணும்னே அலட்சியமா இருந்ததாலன்னு முடிவானா அவங்ககிட்ட இருந்து வசூல் பண்ணலாம். அது கடையில நிக்கறவங்களுக்கு மட்டும் இல்ல, நிர்வாகத்துல இருக்கற செயலாளர், தலைவர், குழு உறுப்பினர் வரைக்கும் வரும். நோட்டே வைக்காம பல வருஷம் கடை நடத்துனதை விசாரணையில யாராவது அலட்சியம்னு எடுத்துக்கிட்டா, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு கமிட்டிக்காரங்க சொல்றது எடுபடுமா? அதனால இந்த நோட்டு முதல்ல காப்பாத்தறது கடையில வேலை செய்யறவங்களை, ரெண்டாவது பொறுப்புல இருக்கறவங்களை. அந்த அக்கா அதுக்கப்புறம்தான் முன்னாடி வந்து உக்காந்தாங்க, அவங்க கேட்ட அடுத்த கேள்விதான் அன்னிக்கு வந்ததுலயே அருமையான கேள்வி, எண்ணெய் டின்னை எப்படி எழுதறதுன்னு.

எண்ணெய்ல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, நிறைய கடையில இது யாருக்கும் தெரியாமலே இருக்கு. கடலை எண்ணெய் 15 கிலோ டின்னா வரும், கடையில விக்கறது லிட்டர்ல. எண்ணெய் தண்ணியை விட லேசு, ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 910 கிராம்தான் இருக்கும், ஒரு லிட்டர் பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தா அதுல 910 கிராம்னு போட்டிருப்பாங்க. அப்போ 15 கிலோ டின்ல இருக்கறது 15 லிட்டர் இல்ல, 15-ஐ 0.91-ஆல வகுத்தா 16.48 லிட்டர். கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் ஜாஸ்தி.

இப்போ ரிஜிஸ்டர்ல யாரோ வரவு 15 லிட்டர்னு எழுதிட்டாங்கன்னு வைங்க. 15 லிட்டர் வித்ததும் நோட்டுல இருப்பு சைபர். ஆனா டின்னுல இன்னும் ஒன்றரை லிட்டர் கிடக்கு, அதுக்கு சொந்தக்காரர் யாருன்னு நோட்டுக்கே தெரியாது. 10 டின் வித்தா கிட்டத்தட்ட 15 லிட்டர், ஒரு டின் எண்ணெய். அது போனாலும் நோட்டு சரியாத்தான் காட்டும், கல்லாவும் சரியாத்தான் காட்டும், தணிக்கைக்கு வர்றவர் மேலோட்டமா பாத்தா அவருக்கும் சரியாத்தான் தெரியும். திருடணும்னு நினைக்காத ஆளைக் கூட அது கெடுக்கும், ஏன்னா கணக்குல இல்லாத சாமான் கண் முன்னால கிடக்குது.

இதுல இன்னொண்ணு, எல்லா டின்னும் 15 கிலோ கிடையாது. 15 லிட்டர் டின்னும் வருது, பாக்க ஒரே மாதிரி இருக்கும், அதுல எடை 13.65 கிலோதான். விலை கம்மியா இருக்குன்னு லிட்டர் டின்னை வாங்கிட்டு கிலோ டின்னுன்னு நினைச்சு எழுதுனா, இப்போ தலைகீழா, ஒருத்தரும் தொடாமலே டின்னுக்கு ஒன்றரை லிட்டர் குறைவு காட்டும், பாவம் அந்த அக்கா மேல பழி விழும். அதனால நோட்டுல எண்ணெய் பக்கத்துல மேலயே எழுதி வெச்சிருங்க, "எல்லாம் லிட்டரில், 15 கிலோ டின் = 16.48 லிட்டர்". டின் இறக்கறப்போ லேபிளைப் படிச்சு எது எதுன்னு விவரம் கட்டத்துல எழுதுங்க. டின்னோட அடியில ஒட்டியிருக்கறது, ஊத்தறப்போ சிந்தறதுன்னு கொஞ்சம் போகும், அதுக்காக டின்னைக் கவுத்து வடிய விடுங்க, போனது எவ்வளவுன்னு ரெண்டு மூணு டின் நிஜமா அளந்து பாத்து அதையே உங்க கடைக் கழிவா வெச்சுக்கோங்க.

சாக்குலயும் இதே கதை வரும். சணல் சாக்கு ஒண்ணு அரைக் கிலோவுக்கு மேல கூட இருக்கும், பிளாஸ்டிக் சாக்கு லேசு. இன்வாய்ஸ்ல இருக்கற எடை சாக்கோட சேத்தா இல்லாமலான்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம வரவு எழுதக்கூடாது. வெல்லம் மழைக்காலத்துல கசியும், உப்பு ஈரம் இழுக்கும், புதுசா வந்த பயறு காஞ்சு எடை இறங்கும், இதெல்லாம் ரெண்டு மூணு மாசம் எழுதிக்கிட்டே வந்தா உங்களுக்கே ஒரு அளவு பிடிபடும். தராசையும் சந்தேகப்படுங்க, எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் எடையளவுத் துறையில முத்திரை வாங்கணும், முத்திரை தேதி தாண்டிப்போன தராசுல நிறுத்துட்டு ஆள் மேல குறை சொல்றது நியாயம் இல்ல.

"கடையில இருநூறு சாமான் இருக்குது, எல்லாத்துக்கும் தினமும் எழுதிக்கிட்டு உக்காந்தா எப்போ விக்கறது?"ன்னு இன்னொரு அண்ணன் கேட்டாரு. எல்லாத்துக்கும் வேண்டாம்ணா. உங்க காசு எதுல அதிகமா முடங்கிக் கிடக்கோ அந்த சாமான் முதல்ல. அரிசி சிப்பம், துவரம்பருப்பு, உளுந்து, சர்க்கரை, எண்ணெய், மிளகாய், புளி, டீத்தூள், நெய், சோப்புப் பெட்டி, ஒரு 12 இல்ல 15 சாமான் போதும் ஆரம்பிக்க. ஷாம்பு பாக்கெட், மிட்டாய், ஊக்கு இதையெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை மொத்த மதிப்பா பாத்துக்கலாம். தினமும் கடை சாத்தற நேரத்துல அன்னிக்கு பில்லைப் புரட்டி இந்த 15 சாமானுக்கு மட்டும் ஒரு துண்டு பேப்பர்ல கூட்டிக்கிட்டு நோட்டுல ஏத்தணும். பழகறதுக்கு கொஞ்ச நாள் ஆகும், அப்புறம் கை தானா போகும்.

இங்க ஒரு விஷயத்துல நான் கறாரா சொன்னேன், இப்பவும் சொல்றேன். விக்கறவங்களே எழுதலாம், ஆனா அவங்களே எண்ணி சரின்னு கையெழுத்தும் போடக்கூடாது. சரக்கு வந்து இறங்கறப்போ குழு உறுப்பினர் ஒருத்தர் இன்வாய்ஸை வெச்சுப் பாத்து வரவுல கையெழுத்து போடணும். வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு உறுப்பினர் போய் அஞ்சு சாமானை எடை போடணும், எந்த அஞ்சுன்னு முன்னாடியே சொல்லக்கூடாது, ஆளும் மாறி மாறிப் போகணும், ஒரே ஆள் போனா அது வெறும் கையெழுத்தா மாறிடும். நோட்டு தைச்ச நோட்டா இருக்கட்டும், பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கட்டும். தப்பா எழுதிட்டா ஒரு கோடு மட்டும் அடிச்சு பக்கத்துல சரியானதை எழுதி கையெழுத்து போடுங்க, வெள்ளை பூசாதீங்க, தாளைக் கிழிக்காதீங்க. முக்கியமா, எண்ணிப் பாத்து குறைவு வந்தா பழைய வரியைத் திருத்தி சரி பண்ணவே கூடாது. புதுசா ஒரு வரி போட்டு "நேரடி இருப்புப்படி குறைவு 3.5 கிலோ"ன்னு எழுதி, காரணம் எழுதி, எண்ணுன ரெண்டு பேரும் விற்பனையாளரும் கையெழுத்து போடணும். குறைவு வரி ஒண்ணு கூட இல்லாத ரிஜிஸ்டரைப் பாத்தா எனக்கு சந்தேகம்தான் வரும். நிஜமா பருப்பு நிறுக்கற கடையில வாரத்துக்கு வாரம் கொஞ்சமாவது ஏறி இறங்கத்தான் செய்யும். அதே மாதிரி மிகுதி வந்தாலும் விடாதீங்க, சர்க்கரை 2 கிலோ ஜாஸ்தியா இருக்குன்னா சந்தோஷப்படறதுக்கு ஒண்ணும் இல்ல, வரவு எழுதாம விட்டிருப்பாங்க, இல்லாட்டி வாங்க வந்தவங்களுக்கு எடை குறைவா போயிருக்கும், வாங்க வந்தவங்களும் நீங்கதானே.

இப்போ கடன். கூட்டத்துல இதை எடுத்ததும் சலசலப்பு ஆயிருச்சு. பாவு நெய்து முடிஞ்சு கூலி வர்ற வரைக்கும் நெசவாளர் வீட்டுல காசு இருக்காது, கடன் கொடுக்காம கடை நடத்த முடியாதுன்னு சொன்னாங்க, அது உண்மைதான். 1844-ல இங்கிலாந்துல ராச்டேல்ங்கற ஊர்ல நெசவாளருங்களும் மத்த தொழிலாளருங்களுமா 28 பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை ஆரம்பிச்சப்போ அவங்களும் உங்களை மாதிரி கூலிக்காரங்கதான். கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, இவ்வளவுதான் அவங்க முதல் சரக்கு. ஆனா ரொக்கத்துக்குதான் விக்கறதுன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிக்கிட்டாங்க. உங்களால அது முடியாதுன்னா பரவாயில்ல, கடன் கொடுங்க, ஆனா கடனுக்கும் பில் போடுங்க. கடன் பில் போட்டா சாமான் செலவுல ஏறிடும், ஆள் பேர்ல பாக்கி ஏறிடும், ரெண்டும் தெரியும். பில் போடாம வாய்க்கடன் கொடுத்தா அந்த சாமான் நோட்டுல இன்னும் கடையிலயே இருக்கற மாதிரி காட்டும், எண்ணறப்போ குறைவா நிக்கும், அதுக்குள்ள வாங்குனவங்களும் மறந்திருப்பாங்க.

கடைசியா ஒரு கணக்கு போட்டேன், இதுதான் உறுப்பினர் எல்லாருக்கும் நேரடியா சம்பந்தப்பட்டது, ஏன்னா உங்க பங்கு லாபம் இதுலதான் இருக்கு.

ஒரு கடையில வருஷ ஆரம்பத்துல சரக்கு 2 லட்சம். வருஷம் முழுக்க வாங்குனது 18 லட்சம். வித்தது 19 லட்சம். மார்ச் 31 அன்னிக்கு மிச்ச சரக்கு எவ்வளவுன்னு கேட்டா "ஒரு ரெண்டரை லட்சம் இருக்குங்க"ன்னு கண்ணால பாத்து சொல்றாங்க. அப்போ வித்த சரக்கோட அசல், 2-ம் 18-ம் 20 லட்சத்துல இருந்து ரெண்டரையைக் கழிச்சா 17 லட்சத்து 50 ஆயிரம். 19 லட்சத்துக்கு வித்தாச்சு, மொத்த லாபம் ஒன்றரை லட்சம். சம்பளம், வாடகை, கரண்ட்டு எல்லாம் 1 லட்சத்து 20 ஆயிரம். நிகர லாபம் 30 ஆயிரம். எல்லாரும் கை தட்டுவாங்க, பங்கு ஈவு கொடுப்பாங்க.

நிஜமா எண்ணியிருந்தா சரக்கு 2 லட்சத்து 5 ஆயிரம்தான் இருந்திருக்கும்னு வைங்க. அப்போ மொத்த லாபம் 1 லட்சத்து 5 ஆயிரம், செலவு போக 15 ஆயிரம் நஷ்டம். அதே கடை, அதே விற்பனை, அதே கல்லா. ஒரு கணக்குல 30 ஆயிரம் லாபம், இன்னொண்ணுல 15 ஆயிரம் நஷ்டம், நடுவுல மாறுனது மிச்ச சரக்கு எவ்வளவுங்கற ஒரே ஒரு நம்பர். நஷ்டத்துல இருக்கற கடையில ஈவு கொடுத்தா அது உங்க பங்குத்தொகையையே எடுத்து உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கறது. அதோட போகாது, அந்த ரெண்டரை லட்சம்தான் அடுத்த வருஷம் ஆரம்ப இருப்பா ஏறும், அடுத்த மார்ச்சுல அந்த ஓட்டையை மூடறதுக்கு இன்னும் பெருசா ஒரு நம்பர் சொல்லணும். ஒரு சங்கம் திடீர்னு முழுகிப்போச்சுன்னு ஊர்ல பேசுவாங்க, நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் அது இந்த மாதிரி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா முழுகுனதுதான். இதோட, மிச்ச சரக்குக்கு விலை போடறப்போ விக்கற விலையைப் போடாதீங்க, வாங்குன விலையைப் போடுங்க, சந்தை விலை அதுக்கும் கீழ இறங்கியிருந்தா அந்தக் குறைஞ்ச விலையைப் போடுங்க, வண்டு விழுந்த பயறையும் தேதி முடிஞ்ச பிஸ்கட்டையும் நல்ல சரக்கோட சேக்காதீங்க. ரிஜிஸ்டர் இருந்தா எந்தச் சரக்கு எப்போ வந்துச்சுன்னு அதுலயே தெரியறதால பழசை முன்னாடி வெச்சு முதல்ல வித்துடலாம்.

இந்த நோட்டால ஆகாதது எதுன்னும் அன்னிக்கு சொல்லிட்டேன், மறைக்கக் கூடாது. செயலாளர் மண்டிக்காரரோட பேசி வெச்சுக்கிட்டு கிலோ 142 பருப்பை 146-னு இன்வாய்ஸ் வாங்குனா ஸ்டாக் ரிஜிஸ்டர் அதைக் கண்டுபிடிக்காது, எடை சரியாத்தானே இருக்கும். அதுக்கு ரெண்டு மூணு இடத்துல விலை கேட்டு எழுதி வாங்கி வெக்கணும். இறக்கறப்போ கையெழுத்து போடறவரும் விக்கறவரும் கூட்டு சேந்துட்டா வராத மூட்டையை வந்ததா எழுதி அப்புறம் குறைவா காட்டலாம், அதனாலதான் ஆள் மாறணும்னு சொன்னேன். கல்லாவுல வந்த காசை எடுத்தா அது கேஷ் புக்குல தெரியணும், இதுல தெரியாது.

"கம்ப்யூட்டர் பில்லிங் போட்டுட்டா இதெல்லாம் வேண்டாமில்ல?"ன்னு ஒரு பையன் கேட்டான். கூட்டிக் கழிக்கற வேலையை அது பண்ணும் கண்ணு, நல்லா பண்ணும், வசதி இருந்தா போடுங்க. ஆனா கம்ப்யூட்டர் 46.5 கிலோன்னு காட்டறது இருக்க வேண்டியதைத்தான், குடோன்ல 43 இருக்குன்னு அதுக்கு யாராவது போய் எடை போட்டுதானே சொல்லணும்? எண்ணெய் டின்னை அதுல 15 லிட்டர்னு அடிச்சு வெச்சா அதுவும் அதையேதான் நம்பும்.

அன்னிக்கே ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ணுனாங்க, எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேட்டாங்க. முதல் எண்ணிக்கையை கடை திறந்திருக்கறப்போ வைக்காதீங்க, எண்ணிக்கிட்டு இருக்கறப்பவே ஒருத்தர் ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போவாரு, கணக்கு முதல் வரியிலேயே தப்பாயிடும். ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்திட்டு, கடைசி பில் நம்பரையும் கடைசியா வந்த இன்வாய்ஸ் நம்பரையும் ஒவ்வொரு பக்கத்துலயும் மேல எழுதிக்கோங்க, அதுக்கு அப்புறம் வர்ற பில்லும் இன்வாய்ஸும்தான் இந்த நோட்டுல சேரும். பழைய நோட்டுல, பழைய பேச்சுல என்ன இருந்துச்சுன்னு பாக்காதீங்க, தராசு சொல்றதை மட்டும் எழுதுங்க. குறைவா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் அன்னிக்கு அதுக்காக யாரையும் கேள்வி கேக்காதீங்க, முன்னாடி கணக்கே இல்லாதப்போ கேக்க முடியாது, அது நியாயமும் இல்ல. அந்த எடைதான் உங்க ஆரம்ப இருப்பு. அந்த அக்கா, தலைவர், பொதுவா ரெண்டு உறுப்பினர், நாலு பேரும் கையெழுத்து போடுங்க, திங்கக்கிழமை காலையில முதல் பில்லுல இருந்து எழுதுங்க.